நடுக்கோடு சரி, மேல்கோடு தவறு: பிறையில் ஒரு படுக்கைத் தொட்டியின் கணக்கு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறைத் தொழிற்பேட்டையின் பின்வரிசையில், திரவச் சோப்பு தயாரிக்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பும் தரை துடைக்கும் சோப்பும் அங்கே தயாராகி உணவுக்கடைகளுக்குச் செல்கின்றன. பட்டறையின் உரிமையாளர் ஒரு தமிழர். பழைய துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி ஒன்றை அவர் ஏலத்தில் வாங்கி, அதையே கலவைத் தொட்டியாகப் பயன்படுத்தி வந்தார். உருளை வடிவில் படுக்கையாகக் கிடக்கும் அந்தத் தொட்டியின் இரு முனைகளிலும் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற மூடிகள் உள்ளன. பட்டறைக்காரர்கள் அவற்றை ‘டிஷ் எண்டு’ என்பார்கள். இங்கே கிண்ணமூடி என்று குறிப்பிடுகிறேன். தொட்டியின் விவரத்தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்று: ஆறாயிரம் லிட்டர்.

அந்த வாய்ச்சொல்லை நம்பி, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் பக்கத்தில் ஒரு பட்டையை ஒட்டி, உள்விட்டமான 1500 மில்லிமீட்டரை ஆறு சமபாகங்களாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தார்கள். 250 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஆயிரம் லிட்டர். மூன்றாயிரம் லிட்டர் தண்ணீர் கொண்ட கலவையை இரண்டு ஆண்டுகள் இந்தப் பட்டையை வைத்தே தயாரித்தார்கள். ஒரு குறையும் வரவில்லை. தேவை கூடியபோது நான்காயிரம் லிட்டர் கலவைக்கு மாறினார்கள். உடனே சோப்பு நீர்த்துப் போயிற்று. கெட்டியாக்க உப்பைக் கூட்டினார்கள். இவ்வகைச் சோப்பில் உப்பு ஓரளவு வரைதான் கெட்டியாக்கும், அந்த அளவைத் தாண்டினால் மீண்டும் நீர்த்துவிடும் என்பதால் நிலைமை இன்னும் மோசமானது. பிறகு சோப்புக்கூழ் அனுப்பியவர் மீது சந்தேகம் திரும்பியது. கூழின் எடையைத் தராசில் வைத்துச் சரிபார்த்து, அதில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

“அண்ணே, தண்ணி அளவுல தப்பு வர வாய்ப்பே இல்ல. மூவாயிரத்துக்கு இதே பட்டையிலதானே சரியா வந்துச்சு?” என்றார் கலவையைக் கவனிக்கும் இளைஞர். அவர் சொன்னது பொய்யன்று. மூன்றாயிரத்தில் சரியாக வந்ததுதான் அவர்களை ஏமாற்றியது.

படுத்துக் கிடக்கும் உருளையில் உயரமும் கொள்ளளவும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அடியில் தொட்டி குறுகலானது. அங்கே ஒரு மில்லிமீட்டர் ஏறக் கொஞ்சம் தண்ணீரே போதும். நடுவில் தொட்டி அகலமானது. அங்கே ஒரு மில்லிமீட்டர் ஏற நிறையத் தண்ணீர் வேண்டும். நடுவைக் கடந்ததும் மீண்டும் குறுகும். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றின் பிம்பம் மற்றொன்று என்பதால், நடுக்கோட்டில் மட்டும் நேர்விகிதக் கணக்கும் உண்மைக் கணக்கும் ஒன்றாகிவிடும். தொட்டியைச் சோதிக்க விரும்புகிறவர் பெரும்பாலும் பாதியளவு நிரப்பித்தான் பார்ப்பார், பாதியில் எந்தப் பிழையும் வெளியே தெரியாது.

முதலில் வடிவத்தைக் கண்டறிதல்

கணக்கில் இறங்கும் முன் தொட்டியின் அளவுகள் தேவைப்பட்டன. உள்ளே இறங்காமல் வெளியிலிருந்தே எடுத்தோம். உருளையைச் சுற்றி எஃகு அளவுநாடாவைப் பிடித்ததில் சுற்றளவு 4750 மில்லிமீட்டர். இதை 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 1512. ஆள்நுழைவாயின் விளிம்பில் வெர்னியர் அளவி காட்டிய தகட்டுத் தடிமன் 6. இருபுறமும் கழித்தால் உள்விட்டம் 1500. விட்டத்தை நேராக அளப்பதைவிடச் சுற்றளவு வழியே போவது நல்லது. உருளை சற்றே நசுங்கி நீள்வட்டமாகியிருந்தாலும் சுற்றளவு சராசரி விட்டத்தையே தரும்.

நீளத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வெல்டிங் கோட்டிலிருந்து வெல்டிங் கோடு வரை 2940 மில்லிமீட்டர் இருந்தது. ஆனால் கிண்ணமூடி வெல்டிங் கோட்டிலிருந்தே வளையத் தொடங்குவதில்லை. வெல்டிங்குக்கு வசதியாக மூடியின் விளிம்பில் ஒரு நேர்ப்பட்டை விடப்பட்டிருக்கும். அந்தப் பட்டையும் உருளையின் பகுதியே. எஃகு அளவுகோலை உருளையின் நீளவாக்கில் மூடிப்பக்கம் வரை படியவைத்து, அடியில் வெளிச்சம் எங்கே கசியத் தொடங்குகிறது என்று பார்த்தோம். இருபுறமும் வெல்டிங்கைத் தாண்டி ஏறத்தாழ 30 மில்லிமீட்டரில் வளைவு தொடங்கியது. ஆகவே உண்மையான உருளையின் நீளம் 3000. இந்த 60 மில்லிமீட்டரை விட்டிருந்தால் 106 லிட்டர் காணாமல் போயிருக்கும்.

அடுத்து மூடியின் ஆழம். இரு மூடிகளின் உச்சியிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் விழுந்த இரு புள்ளிகளுக்கு நடுவே அளந்தால் 3592 மில்லிமீட்டர். அதிலிருந்து 2940 ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒவ்வொரு மூடிக்கும் 326. நேர்ப்பட்டை 30, தகடு 6 ஆகியவற்றை நீக்கினால் உள் ஆழம் 290.

இந்த 290 என்னும் எண்தான் மூடியின் இனத்தைச் சொல்கிறது. தொட்டிகளில் நாம் பெரும்பாலும் சந்திப்பவை இரண்டு. ஒன்று நீள்வட்ட மூடி. அதன் ஆழம் உள்விட்டத்தில் கால்பங்கு, அதாவது இந்தத் தொட்டிக்கு 375 ஆக இருந்திருக்க வேண்டும். மற்றொன்று நடுவில் பெரிய ஆரத்தில் பரந்தும் ஓரத்தில் சிறிய ஆரத்தில் மடிந்தும் இருக்கும் மூடி. ஜெர்மானியத் தரமான டின் 28011 இல் குளோப்பர் மூடி என்று சொல்லப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது. அதில் நடு ஆரம் வெளிவிட்டத்துக்குச் சமம். ஓர ஆரம் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுகளை இங்கே போட்டால் ஆழம் 290 என்று வருகிறது. ஐயமே இல்லை, இது குளோப்பர் மூடிதான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். மூடியின் நடுவில் 600 மில்லிமீட்டர் நேர்க்கோலை வைத்து, அதன் நுனிகள் மூடியிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கின்றன என்று பார்த்து இனம் கண்டுபிடிக்க முயல்பவர்கள் உண்டு. குளோப்பர் மூடியில் அது 30 மில்லிமீட்டரை ஒட்டி வரும். நீள்வட்ட மூடியிலும் 31 தான் வரும். நீள்வட்ட மூடியின் உச்சியில் உள்ள வளைவு ஆரமும் விட்டத்துக்குச் சமமானதே என்பதுதான் காரணம். இரண்டுக்கும் வேறுபாடு ஓரத்தில்தான் இருக்கிறது, ஆகவே முழு ஆழத்தை அளக்காமல் இனத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

முழுக் கொள்ளளவு

உருளைப் பகுதி எளிது. 1.5 மீட்டர் விட்டத்துக்குக் குறுக்குப்பரப்பு 1.767 சதுர மீட்டர். அதை 3 மீட்டரால் பெருக்கினால் 5.301 கன மீட்டர், அதாவது 5301 லிட்டர்.

குளோப்பர் மூடி ஒன்றின் கொள்ளளவுக்கு, உள்விட்டத்தின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. 1.5 இன் கனம் 3.375, ஆகவே ஒரு மூடிக்கு 337 லிட்டர். நடு ஆரம், ஓர ஆரம் இரண்டையும் வைத்து முழுச் சூத்திரத்தில் கணக்கிட்டால் 334 வருகிறது. மூன்று லிட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றாலும், கையில் இருப்பதால் 334 ஐயே எடுத்துக்கொண்டேன். இரு மூடிகளுக்கும் 668. தொட்டி முழுவதற்கும் ஏறத்தாழ 5970 லிட்டர் ஆகும். விற்றவர் சொன்ன ஆறாயிரம் கிட்டத்தட்ட உண்மைதான்.

உரிமையாளரின் உறவினர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதற்கணக்கில் மூடிகளை நீள்வட்டம் என்று கொண்டதால் ஒவ்வொன்றுக்கும் 442 லிட்டர் வந்து, மொத்தம் 6185 ஆனது. மற்றொன்றில் உள்ளே முனையிலிருந்து முனை வரை உள்ள 3580 மில்லிமீட்டரையும் தட்டையான உருளையாகவே கருதியதால் 6326 கிடைத்தது. முதற்கணக்கின் சூத்திரம் பிழையில்லை, பொருந்தாத மூடிக்குப் போடப்பட்டது. இரண்டாவது, மூடி வளைந்து குறுகுவதை மறந்த கணக்கு.

கொடுத்த கொள்ளளவுக்கு உயரம்

இனிதான் பட்டறைக்கு வேண்டிய விடை. உயரம் தெரிந்தால் கொள்ளளவை நேராகக் கணக்கிடலாம். கொள்ளளவு தெரிந்து உயரம் வேண்டுமென்றால் நேரான சூத்திரம் கிடையாது, ஓர் உயரத்தை ஊகித்துப் போட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டும். நான் பயன்படுத்திய சூத்திரம் இது:

```
θ = 2·acos(1 − h/r)
x = h/D
V = L·r²·(θ − sin θ)/2 + 2·Vm·(3x² − 2x³)
```

இங்கே h என்பது உள்ளடியிலிருந்து நீர்மட்டம், r உள் ஆரம், D உள்விட்டம், L உருளையின் நீளம், Vm ஒரு மூடியின் முழுக் கொள்ளளவு. கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். பாகையில் போட்டுவிட்டு விடை பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே என்று திகைப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் உறுப்பு உருளையில் உள்ள நீர். இரண்டாவது உறுப்பு இரு மூடிகளிலும் உள்ள நீர். மூடிக்கான அந்த விகிதம் நீள்வட்ட மூடிக்குத்தான் துல்லியமாகப் பொருந்தும். ஆனால் முழுக் கொள்ளளவாகக் குளோப்பர் மூடியின் சரியான 334 ஐப் போட்டுவிட்டால், இடைப்பட்ட உயரங்களில் ஒருசில லிட்டருக்கு மேல் பிழை வருவதில்லை. காரணம், அதே கொள்ளளவுள்ள நீள்வட்டத்தின் உருவும் குளோப்பர் மூடியின் உருவும் பெரும்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன.

விரிதாளில் θ ஐ B1 கட்டத்திலும் x ஐ B2 கட்டத்திலும் வைத்துக்கொண்டால் ஒரே வரி போதும்:

```
=3*0.75^2*(B1-SIN(B1))/2*1000+668*(3*B2^2-2*B2^3)
```

முதலில் பட்டையில் நான்காயிரம் என்று எழுதியிருந்த 1000 மில்லிமீட்டரைப் போட்டுப் பார்த்தோம். உருளையில் 3754, மூடிகளில் 495. மொத்தம் 4249 லிட்டர். ஏறக்குறைய 250 லிட்டர் கூடுதல். 750 இல் போட்டால் 2985. மூன்றாயிரம் கலவை ஏன் பிழையின்றி வந்தது என்பதற்கு இதுவே விடை. ஆயிரம் என்று எழுதியிருந்த 250 மில்லிமீட்டரில் வெறும் 630 லிட்டர்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் அங்கே நெடுங்காலமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். “சின்னக் கலவை எப்பவும் கெட்டியாத்தான் வரும் தம்பி. நாங்களே குழாயைப் பிடிச்சு, கண் பார்வைக்குச் சரியாகுற வரைக்கும் ஊத்திக்குவோம்,” என்றார். பட்டையின் பெரிய தவறை அவருடைய கண் இத்தனை நாள் மூடி மறைத்திருக்கிறது. மேல்கோட்டில் அது முடியவில்லை. கூடிப்போன தண்ணீரை வெளியே எடுக்க வழியில்லை.

அடுத்து நான்காயிரத்துக்கான உயரத்தைத் தேடினோம். 940 மில்லிமீட்டர் போட்டதில் 3955 லிட்டர் வந்தது. இன்னும் 45 வேண்டும். இந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்தால் ஊகம் வேகமாக முடியும், அது நீர்ப்பரப்பின் அளவேதான். 940 இல் உருளையின் நீர்ப்பரப்பு 4.35 சதுர மீட்டர், மூடிகளின் பங்கு 0.63, கூட்டினால் 4.98. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு லிட்டர் என்பதால், இங்கே ஒரு மில்லிமீட்டர் ஏற 4.98 லிட்டர் வேண்டும். 45 ஐ அதனால் வகுத்தால் 9. ஆகவே 949 மில்லிமீட்டர்; மீண்டும் போட்டுப் பார்த்ததில் 4000 க்கு ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் இடைவெளி 51 மில்லிமீட்டர்தான், கட்டைவிரலின் நீளம்கூட இல்லை.

தொட்டி மட்டமாக இல்லை

கணக்கு முடிந்தது என்று பட்டையை ஒட்டப் போனவர்களை நிறுத்தி, உருளையின் மேல் ரசமட்டத்தை வைக்கச் சொன்னேன். தொட்டியைக் கழுவினால் நீர் முழுவதும் வடிய வேண்டும் என்பதற்காக, வடிகுழாய் உள்ள முனையை வேண்டுமென்றே தாழ்த்தி நிறுத்தியிருந்தார்கள். 3 மீட்டர் நீளத்தில் சாய்வு 10 மில்லிமீட்டர். கண்ணாடிக் குழாயும் அதே தாழ்ந்த முனையில்தான் இருந்தது. நீர் மட்டமாகவே நிற்கும், தொட்டிதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே தாழ்ந்த முனையில் அடியிலிருந்து அளந்த உயரம் தொட்டியின் நடுவில் உள்ள உயரத்தைவிட 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். குழாய் தொட்டியின் நடுவில் இருந்திருந்தால் இந்தத் திருத்தமே தேவைப்பட்டிருக்காது.

இதன்படி பார்த்தால், 1000 கோட்டில் அவர்கள் உண்மையில் நிரப்பியது 4249 அன்று, 4225. கலவையில் 225 லிட்டர் தண்ணீர் கூடுதல், ஐந்தரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். சோப்பு தண்ணீராக ஓடியதற்கு அது தாராளமாகப் போதும். சாய்வு பெரிதாக இருந்து, நீர் அடிமட்டத்திலோ உச்சியிலோ இருக்கும்போது இந்த எளிய திருத்தம் செல்லாது. ஒரு முனை வறண்டோ முழுக நிரம்பியோ போய்விடும். நமக்கு வேண்டிய உயரங்களில் அந்தச் சிக்கல் எழவில்லை.

பட்டையின் பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்த்தோம். வெளியடியிலிருந்து அளந்தால் தகட்டின் 6 மில்லிமீட்டர் உயரத்தில் சேர்ந்துவிடும். நடுப்பகுதியில் அது 30 லிட்டர். பழைய பட்டை உள்ளடியிலிருந்துதான் தொடங்கியிருந்தது. கலக்கியின் தண்டு 50 மில்லிமீட்டர் தடிமன். நீரில் மூழ்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் அது இரண்டு லிட்டரை மட்டுமே விலக்குகிறது, விட்டுவிட்டேன். தொட்டிக்குள் சூடேற்றும் குழாய்ச்சுருள் இருந்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டேன்.

நீர்மானியால் சோதனை

காகிதக் கணக்கை நம்பி ஒரு கலவையைப் பணயம் வைக்க உரிமையாளர் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. குழாயில் நீர்மானியைப் பொருத்தி, கண்ணாடியில் 500 இலிருந்து 1000 வரை நிரப்பினோம். அடியிலிருந்து தொடங்காமல் இந்த இரு உயரங்களையும் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் நடுவிலிருந்து சம தொலைவில் இருப்பதால், சாய்வாலோ பூஜ்ஜியத்தாலோ வரும் சில மில்லிமீட்டர் பிழை இரண்டிலும் ஒரே அளவு லிட்டராகி, கழிக்கும்போது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது தொட்டியின் வடிவம் மட்டுமே.

நம் கணக்கின்படி இடைப்பட்ட நீர் 2529 லிட்டர். மூடிகள் நீள்வட்டமாக இருந்திருந்தால் 2633 ஓடியிருக்க வேண்டும். நீர்மானி காட்டியது 2510. அந்த வகை மானிக்கு, அதன் வழக்கமான ஓட்ட வேகத்தில், இரண்டு விழுக்காடு வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. நம் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நீள்வட்டக் கணக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு கிட்டத்தட்ட ஐந்து விழுக்காடு, மானியின் எல்லைக்கு வெளியே. மூடியின் இனத்தைத் தூக்குக்குண்டு சொன்னதும் தண்ணீர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

சாய்வுக்கான 5 மில்லிமீட்டரையும் சேர்த்துப் புதிய பட்டையில் ஐந்து கோடுகள் இட்டோம். ஆயிரத்துக்கு 347, இரண்டாயிரத்துக்கு 562, மூன்றாயிரத்துக்கு 758, நான்காயிரத்துக்கு 954, ஐயாயிரத்துக்கு 1170. அதற்கு மேல் கோடு இடவில்லை. கூழும் மற்றவையும் சேர்ந்தால் நுரைக்கு இடம் வேண்டும். கோடுகளின் இடைவெளி சமமாக இல்லாததைப் பார்த்த அந்த இளைஞர், யாரோ கைநடுங்கிப் போட்டது போல இருக்கிறதே என்றார். இடைவெளிகள் நடுவில் 196, ஓரங்களில் 215 ஐ ஒட்டி. நடுவில் நெருங்கியும் மேலும் கீழும் விலகியும் இருப்பதே படுக்கைத் தொட்டிக்குரிய பட்டையின் அடையாளம் என்று அவருக்குக் காட்டினேன்.

மறுவாரம் நான்காயிரம் லிட்டர் கலவை 954 கோட்டில் தயாரானது. உப்பு பழைய அளவுக்கே திரும்பியது. தொட்டியின் கால்களை யாராவது நகர்த்தினால் ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பட்டையின் அடியில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்கள்.